கருக்குழாய்க்குள் மறைந்திருந்த காசநோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டம் ஒன்றைச் சேர்ந்த ஒரு தம்பதியைப் பற்றியது. இருவரின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன. குழந்தையின்மைக்காக வரும் பெண்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர்களையும், கருக்குழாய் அடைப்பு என்று எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 28. பின்னலாடை நிறுவனமொன்றில் தையல் வேலை. திருமணமாகி ஐந்து ஆண்டுகள். முதல் ஆண்டிலேயே கருத்தரித்து, எட்டாவது வாரத்தில் கரு கலைந்தது. முழுமையாக வெளியேறாததால் உள்ளூர் மருத்துவமனையில் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலும் வந்தன. ஐந்து நாள் மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. வலி முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகள் கருத்தரிக்கவில்லை. கணவரின் விந்துப் பரிசோதனை இருமுறையும் சரியாக இருந்தது. 2022 தொடக்கத்தில் எங்களிடம் வருவதற்கு முன் மூன்று இடங்களில் பார்த்திருந்தார்கள். மூன்று இடங்களிலும் கருமுட்டை வளர மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

வந்தபோது அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று: குழந்தை இல்லை. மாதவிடாய் எப்படி என்று கேட்டதற்கு, "சரியாகத்தான் வருகிறது" என்றார். மாதம் தவறாமல் வந்ததால் அது அவருக்குச் சரியாகவே பட்டது. எத்தனை நாள், எத்தனை துணி என்று கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. முன்பு நான்கைந்து நாள் இருந்த உதிரப்போக்கு கடந்த இரண்டு ஆண்டுகளில் சுருங்கிச் சுருங்கி ஒன்றரை நாளுக்கு வந்திருந்தது. இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிதல் எதுவும் இல்லை. எடை 46 கிலோ. பல ஆண்டுகளாக அதே எடைதான்.

கையிலிருந்த தாள்கள்

அவர் கொண்டுவந்த கோப்பில் இரண்டு தாள்கள் முக்கியமானவை. முதலாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எச்எஸ்ஜி. கருப்பை வாய் வழியாக மருந்தைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்து, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: இரு குழாய்களும் அடைப்பு. நல்லவேளையாகப் படத்தையும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது இரு பக்கமும் ஒரேபோல் இல்லை. வலது குழாய் கடைசி முனையில் மூடி, அங்கே மருந்து தேங்கி வீங்கித் தெரிந்தது. இடது குழாய் ஓரிடத்தில் குறுகி, அடுத்து விரிந்து, மறுபடி குறுகி, மணி கோத்தாற்போல் இருந்தது, பாதியில் நின்றுவிட்டது. வெள்ளைப்படுதலுக்குக் காரணமான கிருமிகள், குறிப்பாகக் கிளமிடியா, குழாயைக் கெடுக்கும்போது பெரும்பாலும் விரல்போன்ற கடைமுனையை ஒட்டவைக்கும். வலது பக்கம் கண்டது அதற்குப் பொருந்தும். ஒரே குழாயில் பல இடங்களில் சுருக்கம் விழுவது காசநோயை நினைக்க வைக்கும் வடிவம். அது மட்டுமே காசநோய்க்குச் சான்றாகாது. வேறு சில நிலைகளிலும் குழாய் இப்படித் தோன்றலாம். ஆனால் "அடைப்பு" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோயிருந்தது.

எச்எஸ்ஜி எடுத்த பின் ஒரு வாரம் வயிற்று வலியும் காய்ச்சலும் இருந்ததாக அவர் சொன்னதையும் குறித்துக்கொண்டோம். உள்ளே உறங்கும் தொற்று இருந்தால் அழுத்தத்தோடு செலுத்தும் மருந்து அதைக் கிளறிவிடக்கூடும். அதனால் இன்னொரு எச்எஸ்ஜி எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

இரண்டாவது தாள், கருப்பையின் உட்சவ்வில் எடுத்த திசுவில் காசநோய்க் கிருமிக்கான பிசிஆர் பாசிட்டிவ் என்றது. அதை வைத்து உடனே காசநோய் மாத்திரை தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். நுரையீரல் எக்ஸ்-ரே சரியாக இருந்ததால், "இருமலே இல்லாதவளுக்கு எதற்கு டிபி மாத்திரை?" என்று மாமியார் மறுத்துவிட்டார். மாத்திரை தொடங்கப்படவில்லை.

தனியே கேட்டபோது

முதல் சந்திப்பில் மாமியாரும் உடனிருந்தார். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்விக்கு இல்லை என்ற பதில்தான் வந்தது. உடல் பரிசோதனைக்காக உள்ளறைக்கு அழைத்துச் சென்றபோது, கழுத்தின் வலப்புறம் காதுக்குக் கீழே சுருங்கிய ஒரு தழும்பு இருப்பதைச் செவிலியர் கண்டார். அது என்ன என்று கேட்டதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தைக்குத் தெரியாது மேடம். கல்யாணத்துக்கு முன்னாடி வந்தது. அம்மா யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

பதினைந்து வயதில் அவருக்குக் கழுத்தில் கழலை வந்து உடைந்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு தந்தை சளியில் காசநோய் கண்டறியப்பட்டு மருந்து எடுத்திருக்கிறார். கழலைக்கு இவருக்கும் ஆறு மாத மருந்து சொல்லியிருக்கிறார்கள். கட்டி வற்றியதும், பொதுத்தேர்வும் நெருங்கியதால், மூன்றாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய் ஏறக்குறைய எப்போதும் உடலின் வேறோர் இடத்திலிருந்தே வருகிறது. நுரையீரலிலோ நிணநீர்க் கழலையிலோ குடியேறிய கிருமி இரத்த ஓட்டத்தில் கலந்து கருக்குழாயில் தங்குகிறது. இது பெரும்பாலும் பருவமடையும் வயதையொட்டி நடக்கிறது; பிறகு ஆண்டுக்கணக்கில் அரவமே இல்லாமல் கிடக்கிறது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது முதல் நுரையீரல் புண் ஆறித் தழும்புகூட இல்லாமல் போயிருக்கும். அதனால்தான் பெரும்பாலோருக்கு நெஞ்சு எக்ஸ்-ரே சரியாகவே இருக்கிறது. அந்த நல்ல எக்ஸ்-ரேயைக் காட்டி இந்த நோய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்று விளக்கங்கள்

அன்றைய நிலையில் எங்கள் முன் மூன்று விளக்கங்கள் இருந்தன. ஒன்று, கருக்கலைவுக்குப் பின் வந்த இடுப்பறைத் தொற்று அரைகுறையாக ஆறிக் குழாய்களைக் கெடுத்திருக்கலாம். இரண்டு, சுத்தம் செய்தபோது கருப்பை உட்சவ்வு ஆழமாகச் சுரண்டப்பட்டு உட்புறம் ஒட்டிக்கொண்டதால் உதிரப்போக்கு குறைந்திருக்கலாம். மூன்று, காசநோய் குழாயையும் உட்சவ்வையும் சேர்த்தே அரித்திருக்கலாம்.

முதல் விளக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சுவீடனின் லுண்ட் நகரில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி வழியே உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபி மூலம் இடுப்பறைத் தொற்று உறுதிசெய்யப்பட்ட பெண்களை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருமுறை தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், இருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கும், மூன்றுமுறையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 பேருக்கும் குழாய் கெட்டுப்போனதால் குழந்தையின்மை ஏற்பட்டது. குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் அசைந்து முட்டையை நகர்த்துகின்றன. அழற்சியில் உதிரும் மயிர்கள் முன்போல் வளர்வதில்லை. கிளமிடியாவில் இது வலியே இல்லாமலும் நடக்கும். ஆகவே ஐந்து நாள் மருந்தோடு முடிந்துபோன அந்தத் தொற்று, தன்னளவிலேயே ஒரு குழாயை மூடப் போதுமானது.

ஆனால் உதிரப்போக்கு சுத்தம் செய்த உடனே குறையவில்லை. இரண்டு ஆண்டு கழித்தே குறையத் தொடங்கியது. சுரண்டலால் வந்த ஒட்டுதலாக இருந்திருந்தால் அடுத்த மாதவிடாயிலேயே குறைந்திருக்க வேண்டும். இந்தக் கால இடைவெளி, கழுத்துத் தழும்பு, இடது குழாயின் வடிவம் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின.

அப்படியானால் பிசிஆர் பாசிட்டிவ் தாளை நம்பி அன்றே மாத்திரை தொடங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அதைச் செய்யவில்லை. பிசிஆர் கிருமியின் மரபணுத் துண்டைத்தான் தேடுகிறது. அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பதினைந்து வயதில் அரைகுறையாக மருந்து எடுத்த ஒருவரின் உடலில் பழைய துண்டு கிடைக்கலாம். ஆய்வகத்தில் இன்னொருவர் மாதிரியின் கலப்பாகவும் இருக்கலாம். குழந்தையின்மைக்காக வரும் பெண்களில் பிசிஆர் ஒன்றை மட்டும் வைத்து ஆறு மாதம் மாத்திரை கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இது என்னை வருத்துகிறது. நோய் இல்லாதவரின் கல்லீரல் வீணாகச் சோதிக்கப்படுகிறது. கருத்தரிக்கக்கூடிய வயதில் அரை ஆண்டு கரைகிறது. இன்னொரு பக்கம், நோய் உள்ளவரிடம் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமி இருந்தால், வளர்த்துப் பார்க்காமல் தொடங்கும் சிகிச்சை அதை மறைத்துவிடும். முன்பு பாதியில் நிறுத்தியவர் என்பதால் இவரிடம் அந்த ஐயம் வலுவாகவே இருந்தது. எனவே சந்தேகத்தை விடாமல் வைத்துக்கொண்டு, சான்றைத் தேடுவது என்று தீர்மானித்தோம்.

உட்சவ்வில் தேடியது

மாதவிடாய்க்கு ஓரிரு நாள் முன்பு கருப்பை உட்சவ்வின் திசுவை எடுத்தோம். நாள் தேர்வுக்குக் காரணம் உண்டு. உட்சவ்வு மாதாமாதம் உதிர்ந்துவிடுகிறது. கிருமி மேலே குழாயிலிருந்து மறுபடி இறங்கி, காசநோய்க்கே உரிய சிறு முடிச்சுகள் உருவாகச் சில வாரம் பிடிக்கும். மாதவிடாய் முடிந்த கையோடு எடுத்தால் அவை இருக்காது. அந்த மாதம் உறவின்போது ஆணுறை பயன்படுத்தச் சொல்லி, எடுப்பதற்கு முன் கர்ப்பப் பரிசோதனையும் செய்துகொண்டோம். குழாய் திறக்கும் இரு மூலைகளிலிருந்தும் திசு எடுக்கப்பட்டது.

எடுத்த திசுவை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி ஃபார்மலினில், நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு. மறு பாதி வெறும் சலைனில், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். பல இடங்களில் குளறுபடி நடப்பது இந்தக் கட்டத்தில்தான். பழக்கத்தின் காரணமாக முழுத் திசுவும் ஃபார்மலின் புட்டிக்குள் போய்விடும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு எத்தனை வாரம் வளர்த்தாலும் எதுவும் முளைக்காது. வரும் நெகட்டிவ் அறிக்கை நோயாளிக்கு நோய் இல்லை என்பது போலத் தோன்றும்.

முடிவுகள் வந்தன. சிபிநாட்டில் கிருமி இல்லை. நுண்ணோக்கியில் காசநோய் முடிச்சு இல்லை. ஆனால் நாள்பட்ட அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா அணுக்கள் இருந்தன. கிளமிடியா, கொனோரியா சோதனைகள் நெகட்டிவ். இவை இப்போது கிருமி இல்லை என்று மட்டுமே சொல்லும். முன்பு வந்து குழாயைக் கெடுத்துவிட்டுப் போனதா என்பதைச் சொல்லாது.

பிளாஸ்மா அணுக்களை முன்னிட்டு டாக்ஸிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் 14 நாள் கொடுத்தோம். கணவருக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுக்கப்பட்டது. இடுப்பறைத் தொற்றுக்கு லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளையும் எழுதும் வழக்கம் இருக்கிறது. காசநோய்ச் சந்தேகம் உள்ள பெண்ணுக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டும். அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். வலி குறைந்து குணமானதுபோல் தெரியும். கல்ச்சரும் பொய்யாக நெகட்டிவ் ஆகும்.

14 நாள் மருந்துக்குப் பின் அடிவயிற்றுக் கனம் ஓரளவு குறைந்தது. உதிரப்போக்கில் மாற்றமில்லை.

லேப்ராஸ்கோபி: ஏன், என்ன தெரிந்தது

உட்சவ்வு நெகட்டிவ் என்றதும் குடும்பத்தார் நிம்மதி அடைந்தார்கள். எங்களால் அப்படி இருக்க முடியவில்லை. இந்த நோயில் கருக்குழாய் ஏறக்குறைய எல்லோருக்கும் பாதிக்கப்படுகிறது. கருப்பை உட்சவ்வு பாதிப் பேரைவிடச் சற்று அதிகமானோருக்குத்தான் பாதிக்கப்படுகிறது. அதிலும் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். எனவே உட்சவ்வில் இல்லை என்பது குழாயில் இல்லை என்றாகாது. ஸ்கேனிலும் வலது பக்கம் நீர் கோத்த குழாய் தெரிந்தது. அதற்கு எப்படியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் பார்த்ததும் ஐயம் பெருமளவு தீர்ந்தது. வலது குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தது. இடது குழாய் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. கருப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்திலும் இடது குழாயின் மேற்பரப்பிலும் வெண்மணிகளாகச் சிறு புள்ளிகள். கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே நூலிழைகள் போன்ற ஒட்டுதல்கள் இருந்தன. இவை கிளமிடியாவாலும் வரும், காசநோயாலும் வரும். கருப்பைக்குள் ஹிஸ்டெரோஸ்கோபி மூலம் பார்த்தபோது வலது மூலையில் மெல்லிய ஒட்டுதலும் வெளிறிய உட்சவ்வும் காணப்பட்டன.

அங்கே நாங்கள் எடுத்த முடிவு, வெண்புள்ளிகளிலிருந்து திசு எடுப்பதோடு நிறுத்திக்கொள்வது. வலது குழாயை அப்போதே அகற்றிவிட்டால் இன்னொரு மயக்க மருந்து மிச்சமாகுமே என்ற யோசனை அறுவை அரங்கிலேயே எழுந்தது. ஆனால் அழற்சி தணியாத காசநோயில் உறுப்புகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும். பிரிக்கும் தளம் கிடைக்காது; குடல் கிழியும் அபாயம் உண்டு; இரத்தப்போக்கும் அதிகம். மருந்து முடிந்த பிறகு அதே அறுவை பாதுகாப்பாகிறது.

இந்தத் திசுவில் சிபிநாட் கிருமியைக் கண்டது. ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை என்றது. நுண்ணோக்கியில் நடுவே அழிந்த திசுவுடன் காசநோய் முடிச்சுகள் தெளிவாக இருந்தன. திரவ ஊடகக் கல்ச்சரை 42 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். இவருக்கு 24ஆம் நாளே வளர்ந்தது. வெளிவந்த கிருமிக்கு முதல்நிலை மருந்துகள் எல்லாம் வேலை செய்தன. உட்சவ்வு மாதிரியின் கல்ச்சர் கடைசிவரை நெகட்டிவ்தான்.

வீட்டில் சொல்வது

மருந்தைவிடக் கடினமாக இருந்தது இது. கழலை வந்ததை மறைத்துத் திருமணம் செய்துவைத்தார்கள் என்று பேச்சு எழுந்தால் தன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். கணவரிடம் மட்டும் முதலில் சொல்வது என்று அவரே முடிவெடுத்தார். எங்கள் அறையில் வைத்துச் சொன்னார். கணவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு வருமா?" என்று கேட்டார். இருமலில் பரவுவது நுரையீரல் நோய். இவருடையது கருக்குழாயில் இருப்பது, கூட இருப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது என்று விளக்கினோம். மாமியாரிடம் கணவரே பேசினார். பழைய கழலையைப் பற்றி அவரிடம் சொன்னார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் எங்களுக்கு இல்லை. வீட்டார் அனைவருக்கும் எக்ஸ்-ரே எடுத்தார்கள். யாருக்கும் நோய் இல்லை.

ஆறு மாதம்

அவருடைய பெயர் காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையப் பதிவில் ஏற்றப்பட்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசமாகக் கிடைத்தது. தொடங்குமுன் எச்ஐவி, சர்க்கரை, கல்லீரல், கண் பார்வைச் சோதனைகள் செய்யப்பட்டன. 46 கிலோ எடைக்குத் தினம் மூன்று கூட்டு மாத்திரை. முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்தது. அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு இல்லாமல் மற்ற மூன்றும். உணவுக்கான உதவித்தொகை அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாகியிருக்கிறது.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தது பயன்பட்டது. மூன்றாம் வாரம் குமட்டல் வந்தது. கல்லீரல் நொதிகள் இயல்பின் உச்ச அளவைப்போல் இரு மடங்குக்குக் கீழேதான் இருந்தன. மஞ்சள் காமாலை இல்லை. மாத்திரையை நிறுத்தாமல், சாப்பிடும் நேரத்தை மாற்றியும் வாரமொருமுறை இரத்தம் சோதித்தும் தொடர்ந்தோம். ஐந்தாவது வாரத்தில் குமட்டல் தணிந்தது. மூன்று மடங்கைத் தாண்டிக் குமட்டலும் இருந்திருந்தால் நிறுத்தியிருப்போம்.

இந்த மாதங்களில் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க ஆணுறையைப் பரிந்துரைத்தோம். கருத்தடை மாத்திரை இங்கே உதவாது. ரிஃபாம்பிசின் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்.

நான்காம் மாதத்தில் அவர் மறுபடி கேட்டார், "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், நிறுத்திவிடலாமா?" பதினைந்து வயதில் நிறுத்தியதும் இதே காரணத்தால்தான். அதை நினைவுபடுத்தியது கணவர். ஒரு நாள்கூட விடாமல் ஆறு மாதமும் முடித்தார்.

பின்பு நடந்தது

முடிவில் எடை 50 கிலோ. அடிவயிற்றுக் கனம் மறைந்தது. உதிரப்போக்கு மூன்று நாளாகியது. மறுபடி எடுத்த உட்சவ்வுத் திசுவில் அழற்சி இல்லை, கல்ச்சர் நெகட்டிவ். மாத நடுவில் முன்பு 5 மில்லிமீட்டரைத் தாண்டாத உட்சவ்வு இப்போது 7.5 வரை வளர்ந்தது. நோய் குணமாகிவிட்டது.

குழாய் குணமாகவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும்; உதிர்ந்த மயிர்களையும் தழும்பேறிய சுவரையும் மீட்டுத் தராது. சிகிச்சை தொடங்கும் முன்பே இதை இருவரிடமும் சொல்லியிருந்தோம். ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை விழுங்கிய பெண்ணுக்கு, இயல்பாகக் கருத்தரிக்க வாய்ப்பு மிக அரிது என்பதை இரண்டாம் முறை கேட்பது எளிதாக இல்லை. குழாயை அறுவை மூலம் திறக்க முடியாதா என்று கேட்டார்கள். காசநோயால் கெட்ட குழாயைத் திறந்தாலும் அது பெரும்பாலும் மறுபடி மூடிக்கொள்ளும். அரைகுறையாகத் திறந்திருந்தால் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால் செய்யவில்லை.

ஐவிஎஃப் செய்வதற்கு முன் வலது குழாயை அகற்றினோம். நீர் கோத்த குழாயின் திரவம் கருப்பைக்குள் கசிந்தால் ஐவிஎஃப் வெற்றி வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிறது. அகற்றினால் அந்த இழப்பு நீங்குகிறது. அகற்றிய குழாயைச் சோதித்தபோது ஆறிப்போன காசநோய் முடிச்சுகளும் இருந்தன, பொதுவான நாள்பட்ட அழற்சித் தழும்பும் இருந்தது. கருக்கலைவுக்குப் பின் வந்த தொற்றுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குழாயை மூடியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2023இல் ஐவிஎஃப் நடந்தது. ஏழு முட்டைகள் கிடைத்து, மூன்று கருக்கள் ஐந்தாம் நாள்வரை வளர்ந்தன. முதல் கரு பதியவில்லை. இரண்டாவது பதிந்தது, ஆனால் எட்டாவது வாரத்தில் இதயத்துடிப்பு தோன்றாமல் கலைந்தது. இம்முறை கருப்பையைச் சுரண்டவில்லை. மாத்திரை மூலமே வெளியேறச் செய்தோம். அவருடைய உட்சவ்வுக்கு இன்னொரு சுரண்டலைத் தாங்கும் வலு இல்லை. மூன்றாவது கரு உறைநிலையில் இருக்கிறது. கடன் அடையும்வரை காத்திருக்கிறார்கள். இடையில் தத்தெடுப்புக்கும் மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிந்திருக்கிறார்கள்.

எங்கே முன்கூட்டிப் பிடித்திருக்கலாம்

பின்னோக்கிப் பார்த்தால் பல இடங்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை.

முதன்மையானது பதினைந்து வயதில் நின்றுபோன மருந்து. அந்த ஆறு மாதம் முடிந்திருந்தால் கிருமி குழாயில் நிலைத்திருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். கழுத்துக் கழலைக்கு மருந்து எடுக்கும் சிறுமியின் பெற்றோரிடம், கட்டி வற்றுவது நோய் தீர்வதாகாது என்பதோடு, பாதியில் விட்டால் பின்னாளில் கருத்தரிப்பையும் அது பாதிக்கலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்குகிறோம், பெண்பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய அச்சத்தைத் தூண்டிவிடுவோமோ என்று. அந்த அச்சம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அது மறைப்பாக மாறுவதுதான் இங்கே கேடு செய்தது.

அடுத்தது கருக்கலைவுக்குப் பின் வந்த காய்ச்சல். இடுப்பறைத் தொற்றுக்கு 14 நாள் மருந்தும் கணவருக்குச் சிகிச்சையும் மூன்றாம் நாள் மறுபரிசோதனையும் வேண்டும். காய்ச்சல் இறங்கியதை வைத்து நிறுத்தக்கூடாது.

உதிரப்போக்கு குறைந்துகொண்டே வந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர் மருத்துவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை கிடைத்ததும் அடுத்ததற்குப் போய்விட்டார்கள். எங்கள் பிரிவின் முதல் சந்திப்புப் படிவத்தில் இப்போது அந்தக் கேள்வி மாறியிருக்கிறது: இப்போது எத்தனை நாள், மூன்றாண்டுக்கு முன் எத்தனை நாள். காசநோய் பற்றிய கேள்வி குடும்பத்தார் இல்லாத நேரத்தில் பரிசோதனை அறையில் கேட்கப்படுகிறது. டிபி என்ற சொல்லோடு நிற்காமல், கழுத்தில் கழலை வந்ததா, நெஞ்சில் நீர் எடுத்தார்களா, மாதக்கணக்கில் தினமும் மாத்திரை சாப்பிட்டதுண்டா, சிறுநீர் சிவந்து போனதா என்று கேட்கிறோம். உட்சவ்வுத் திசு எடுக்கும் தட்டில் ஃபார்மலின் புட்டியோடு சலைன் புட்டியையும் பெயரெழுதி வைத்த பிறகே நோயாளியை அறைக்குள் அழைக்கிறோம்.